பிஎம்ஐ-யிலிருந்து வரும் கொழுப்பு சதவீதத்தை எவ்வளவு நம்பலாம்?

கேள்வி: வயது 35, ஆண், உயரம் 170 செ.மீ., எடை 72 கிலோ. இணையக் கணக்கி ஒன்று என் உடல் கொழுப்பு 21.7% என்கிறது. நம்பலாமா?

பதில்:

அந்தக் கணக்கிக்குப் பின்னால் இருப்பது நெதர்லாந்து ஆய்வாளர் டியூரன்பெர்கும் அவருடைய சகாக்களும் 1991இல் வெளியிட்ட சூத்திரம். வயது வந்தவர்களுக்கு அது இப்படி:

```
fat% = 1.20*BMI + 0.23*age - 10.8*sex - 5.4
(sex: male = 1, female = 0)
```

உங்கள் பிஎம்ஐ 72 ÷ (1.70 × 1.70) = 24.91. அதை 1.20ஆல் பெருக்கினால் 29.9. வயதுக்கு 8.05 கூட்டி, 10.8-ம் 5.4-ம் கழித்தால் 21.7 வந்துவிடும். 15 வயது வரையிலான பிள்ளைகளுக்கு வேறு சூத்திரம் உண்டு. இதைப் போடக் கூடாது.

இதன் திட்டப் பிழை சுமார் 4 சதவீதப் புள்ளி. அதாவது இதே பிஎம்ஐ, இதே வயதுள்ள ஆண்களை நீருக்கடியில் எடைபோட்டுக் கொழுப்பை அளந்து பார்த்தால், மூன்றில் இரண்டு பேர் ஏறத்தாழ 18க்கும் 26க்கும் இடையில் இருப்பார்கள். மீதிப் பேர் அதற்கும் வெளியே. ஆகவே 21.7இல் அந்தப் புள்ளி ஏழுக்கு மதிப்பே இல்லை. தினமும் எடை பார்த்து எண்ணைத் திரும்பத் திரும்பப் போட்டாலும் பிழை குறையாது. ஏனென்றால் அது அளவெடுப்பதில் வரும் தடுமாற்றம் அல்ல, உங்கள் உடல்வாகு சராசரியிலிருந்து விலகியிருக்கும் தூரம். உங்கள் விஷயத்தில் அது எப்போதும் ஒரே பக்கமாகவே சாயும்.

பலர் ஏமாறுவது எடை குறைக்கும்போதுதான். நீங்கள் 3 கிலோ குறைத்தால் சூத்திரம் 20.5% காட்டும். கிலோவில் பார்த்தால் கொழுப்பு 15.7இலிருந்து 14.1 ஆகிறது, குறைந்த எடையில் பாதிதான் கொழுப்பு என்று அர்த்தம். ஆனால் பட்டினி கிடந்து தசையை இழந்தவருக்கும், எடை தூக்கிப் பயிற்சி செய்து கொழுப்பை மட்டும் கரைத்தவருக்கும் இதே விடைதான். தராசு சொன்னதைத் தாண்டி அதற்கு எதுவும் தெரியாது. இந்தக் காரியத்துக்கு இடுப்பைச் சுற்றி ஒரு டேப் வைத்து, மாதம் ஒருமுறை அதே இடத்தில் அளப்பது மேல்.

இன்னொன்று, சூத்திரம் டச்சுக்காரர்களின் உடலை வைத்துப் போட்டது. நம்மவர்களுக்கு அதே பிஎம்ஐ-யில் தசை குறைவு, கொழுப்பு அதிகம். புனேயின் ஆய்வாளர் யாஜ்னிக்கும் லண்டனின் ஆய்வாளர் யுட்கினும் 2004இல் லான்செட் மருத்துவ இதழில் தங்களையே உதாரணம் காட்டினார்கள்: இருவருக்கும் பிஎம்ஐ 22.3, கொழுப்பு யுட்கினுக்கு 9.1%, யாஜ்னிக்குக்கு 21.2%. இருவரும் ஆண்கள் என்பதால் சூத்திரம் வயதை வைத்து மட்டுமே அவர்களைப் பிரிக்க முடியும். இந்த 12 புள்ளி வித்தியாசம் வர ஒருவர் மற்றவரைவிட 50 வயதுக்கு மேல் மூத்தவராக இருந்தாக வேண்டும். ஆகவே நீங்கள் இந்தியராக இருந்து, எடைப்பயிற்சியும் இல்லையென்றால், உண்மையான எண் 21.7க்கு மேலே இருக்கவே வாய்ப்பு அதிகம்.