இயந்திரம் விற்ற பணம் எந்தக் கணக்கில் சேர வேண்டும்?

கேள்வி: திருப்பூரில் சொந்தமாக நிட்டிங் யூனிட் நடத்துகிறேன். 2019 ஏப்ரலில் 24 லட்சத்துக்கு வாங்கிய பின்னல் இயந்திரத்தைச் சென்ற டிசம்பரில் 11 லட்சத்துக்கு விற்றேன், ஜி.எஸ்.டி. தனி. கணக்கு எழுதுபவர் இதைத் துணி விற்பனையோடு சேர்த்து ‘சேல்ஸ்’ கணக்கில் வரவு வைத்திருக்கிறார். 11 லட்சமும் வியாபார வருமானமாகிவிடுமா?

பதில்: ஆகாது. ‘சேல்ஸ்’ கணக்கில் உள்ள அந்தப் பதிவை ரிட்டர்ன் தாக்கல் செய்வதற்கு முன்பே நீக்கிவிடுங்கள். துணி விற்ற பணம் வருவாய் வரவு. அந்தத் துணியைப் பின்னிய இயந்திரத்தை விற்ற பணம் மூலதன வரவு.

இந்த வேறுபாட்டின் வேர், செலவு செய்தபோது அதை எப்படி நடத்தினோம் என்பதில் இருக்கிறது. நூல் வாங்கிய பணம் முழுவதையும் அந்த ஆண்டின் செலவாகக் கழித்துக்கொள்கிறீர்கள். ஆகவே அந்த நூலால் ஆன துணியின் விற்பனைத் தொகை முழுவதும் வருமானப் பக்கத்தில் வருகிறது. இயந்திரம் வாங்கிய 24 லட்சத்தை எந்த ஓர் ஆண்டிலும் முழுச் செலவாகக் கழிக்க உங்களை அனுமதிக்கவில்லை. அது சொத்தாக நின்றது. ஆண்டுதோறும் எஞ்சிய மதிப்பில் 15 சதவீதம் தேய்மானமாக மட்டுமே கழிந்து வந்தது. கூடுதல் தேய்மானம் எதுவும் எடுக்கவில்லை என்று வைத்துக்கொண்டால், ஆறு ஆண்டுத் தேய்மானம் போக 2025 ஏப்ரல் 1 அன்று அதன் எஞ்சிய மதிப்பு ஏறத்தாழ 9.05 லட்சம். விற்றுப் பெற்ற 11 லட்சத்தின் பெரும்பகுதி, நீங்கள் இன்னும் செலவாகக் கழிக்காத முதலே திரும்பி வந்தது என்பதால், அதை வருமானம் என்று எழுதினால் சொந்த முதலுக்கே வரி கட்டுகிறீர்கள் என்றாகும்.

அப்படியானால் எஞ்சிய மதிப்புக்கு மேல் கிடைத்த 1.95 லட்சத்துக்கு வரி உண்டா என்று கேட்கத் தோன்றும். வருமான வரிச் சட்டம் இங்கே ஒவ்வோர் இயந்திரத்தையும் தனித்தனியாகப் பார்ப்பதில்லை. ஒரே தேய்மான விகிதம் உள்ள இயந்திரங்கள் எல்லாம் ஒரு சொத்துத் தொகுதி; கணக்கர்கள் ‘பிளாக்’ என்பது இதைத்தான். 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 43(6)ஆம் பிரிவின்படி, விற்ற தொகையை அந்தத் தொகுதியின் மதிப்பிலிருந்து கழிக்க வேண்டும். உங்கள் விற்பனை 2025-26 நிதியாண்டில் நடந்ததால் அந்தப் பழைய சட்டமே பொருந்தும்.

உங்களிடம் உள்ள எல்லா இயந்திரங்களும் சேர்ந்த தொகுதியின் தொடக்க மதிப்பு 30 லட்சம் என்று கொள்வோம். இதில் விற்ற தொகை 11 லட்சத்தைக் கழித்தால் 19 லட்சம் நிற்கும்; அதன் மீது 15 சதவீதத் தேய்மானம் 2.85 லட்சம். இயந்திரத்தை விற்காமல் இருந்திருந்தால் 4.50 லட்சம் கிடைத்திருக்கும். ஆக, இந்த விற்பனையால் இந்த ஆண்டு உங்கள் வருமானம் 1.65 லட்சம் மட்டுமே கூடுகிறது. மீதி விளைவு, வரும் ஆண்டுகளில் தேய்மானம் குறைவதன் வழியாகச் சிறிது சிறிதாக வந்து சேரும். உங்கள் கணக்கர் எழுதியபடி விட்டிருந்தால் 11 லட்சமும் இந்த ஆண்டே வருமானமாகியிருக்கும்; கைவிட்டுப் போன இயந்திரத்துக்கும் தேய்மானம் எடுத்துக்கொண்டிருப்பீர்கள். இரண்டும் தவறு, ஒரு தவறு மற்றொன்றைச் சரிசெய்யாது.

உங்கள் பேரேட்டில் இயந்திரக் கணக்கின் மதிப்பு 9.05 லட்சத்தை வரவு வைத்து மூடிவிட்டு, மிகுதி 1.95 லட்சத்தை ‘சொத்து விற்பனை லாபம்’ என்று தனித் தலைப்பில் லாப நட்டக் கணக்குக்குக் கொண்டுசெல்வது முறையான பதிவு. வருமான வரிக்கான கணக்கீட்டில் அந்த 1.95 லட்சத்தைக் கழித்துவிட வேண்டும். தொகுதியின் மதிப்பு குறைந்ததன் வழியாக அது ஏற்கெனவே கணக்கில் வந்துவிட்டது. அதேபோல் பேரேட்டுத் தேய்மானத்தைத் திரும்பக் கூட்டி, சட்டப்படியான 2.85 லட்சத்தைக் கழிக்க வேண்டும். கணக்கீட்டில் இந்த 1.95 லட்சத்தைக் கழிக்க மறந்து ஒரே தொகைக்கு இருமுறை வரி கட்டுவது, நன்றாகக் கணக்கு எழுதுபவர்களிடமும் காணப்படும் பிழை.

இரண்டு நிலைகளில் முடிவு மாறும். தொகுதியின் மதிப்பும் விற்பனைச் செலவும் சேர்ந்தும் விற்ற தொகைக்கு ஈடாகாவிட்டால், மிகுதி 50ஆம் பிரிவின்படி குறுகிய கால மூலதன ஆதாயம். உங்களிடம் இருந்தது இந்த ஓர் இயந்திரம் மட்டுமே, அந்த ஆண்டில் புதிதாக எதுவும் வாங்கவில்லை, விற்பனைச் செலவும் இல்லை என்றால் 1.95 லட்சமும் அப்படி ஆகும். ஆறு ஆண்டுக்கு மேல் வைத்திருந்தும் அது நீண்ட கால ஆதாயம் ஆகாது, வழக்கமான விகிதத்தில் வரி வரும். அதே நிதியாண்டில் மார்ச் 31க்குள் வேறு இயந்திரம் வாங்கித் தொகுதியில் சேர்த்திருந்தால் அந்த விலையும் கூடிக்கொள்ளும் என்பதால் ஆதாயம் குறையும் அல்லது இல்லாமலே போகும்.

மற்றது இதன் மறுபக்கம், பலர் எதிர்பாராதது. அந்த ஒரே இயந்திரம் 7 லட்சத்துக்குத்தான் போயிருந்தால், தொகுதியில் இயந்திரமே இல்லாததால் தேய்மானம் கிடையாது, மீதமுள்ள 2.05 லட்சம் குறுகிய கால மூலதன நட்டம். அதை நிட்டிங் வருமானத்திலிருந்து கழிக்க முடியாது, மூலதன ஆதாயம் இருந்தால் அதோடுதான் ஈடுகட்ட முடியும். தொழிலை மூடும் எண்ணத்தில் இருப்பவர்கள் கடைசி இயந்திரத்தை எந்த ஆண்டில் விற்பது என்று முன்கூட்டி யோசிக்க வேண்டியது இதற்காகத்தான்.

இயந்திரம் என்ற பெயரைப் பார்த்தே மூலதனம் என்று எழுதிவிடவும் கூடாது. பழைய பின்னல் இயந்திரங்களை வாங்கி விற்பதையே தொழிலாகக் கொண்ட வியாபாரிக்கு அதே இயந்திரம் சரக்கு. அவருக்கு 11 லட்சமும் வருவாய் வரவுதான். உங்கள் யூனிட்டிலேயே, தேய்ந்த ஊசிகளையும் கழிவு நூலையும் எடைக்குப் போட்டால் கிடைக்கும் பணம் வருவாய் வரவு, ஏனெனில் ஊசியும் நூலும் வாங்கிய அன்றே செலவில் எழுதப்பட்டவை. தீப்பிடித்து இயந்திரம் அழிந்து காப்பீட்டுத் தொகை வந்தால் அதுவும் விற்ற பணத்தைப் போலவே தொகுதியிலிருந்து கழிய வேண்டியது. ஆனால் அந்த நாள்களில் இழந்த லாபத்துக்காகத் தனியாகக் காப்பீடு எடுத்து அதில் பணம் வந்தால் அது வருமானம்.

ஜி.எஸ்.டி.யில் நிலைமை வேறு என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். தொழிலுக்குரிய சொத்தை விற்பதும் அங்கே வழங்கல்தான். பில் போட்டு GSTR-1 படிவத்தில் காட்டியாக வேண்டும். நீங்கள் வாங்கியபோது உள்ளீட்டு வரி எடுத்திருந்தாலும் ஐந்து ஆண்டு கடந்துவிட்டதால், விற்ற விலை மீதான வரியைக் கட்டினால் போதும். ஐந்து ஆண்டுக்குள் விற்பவர்கள், எடுத்த வரியில் காலாண்டுக்கு 5 சதவீதப் புள்ளி வீதம் குறைத்து நிற்கும் தொகையையும் விற்பனை வரியையும் ஒப்பிட்டு, எது அதிகமோ அதைக் கட்ட வேண்டும்.

இதனால் ஜி.எஸ்.டி. ரிட்டர்னில் உள்ள மொத்தம், வருமான வரி ரிட்டர்னில் காட்டும் விற்றுமுதலைவிட 11 லட்சம் அதிகமாக இருக்கும். கணக்கர் ‘சேல்ஸ்’ கணக்கில் எழுதியதற்கு இந்த இரண்டையும் ஒத்துப்போகச் செய்ய நினைத்ததே காரணமாக இருக்கலாம். ஒத்துப்போக வேண்டிய கட்டாயம் இல்லை. வேறுபாட்டுக்கான விளக்கத் தாள் ஒன்றைத் தயாரித்து விற்பனைப் பில், வாங்கிய பில், வங்கி வரவு ஆகியவற்றோடு வைத்திருந்தால் கேள்வி வரும்போது பதில் தயாராக இருக்கும். வரித் தணிக்கைக்கான விற்றுமுதல் வரம்பைப் பார்க்கும்போதும் இந்த 11 லட்சத்தைச் சேர்க்க வேண்டியதில்லை. ITR-3 படிவத்தில் அந்தத் தொகை இடம்பெற வேண்டியது Schedule DPM பகுதியில், 15 சதவீத இயந்திரங்களுக்கான நெடுவரிசையில், விற்பனைத் தொகைக்கான கிடைவரிசையில்.