பற்றாக்குறை எப்போதும் இருக்கிறது, ரூபாய் சில வருடம் மட்டும் ஏன் சரிகிறது?

கேள்வி: "இறக்குமதி ஏற்றுமதியை விட அதிகமா இருந்தா ரூபாய் மதிப்பு விழும்னு சொல்றாங்க. நமக்குத்தான் எப்பவுமே பற்றாக்குறை இருக்கே, அப்புறம் ஏன் சில நேரம் மட்டும் திடீர்னு விழுது? நடப்புக் கணக்குப் பற்றாக்குறைன்னு வேற ஒண்ணு சொல்றாங்களே, அது என்ன?"

2013இல் நான் கோவையில் ஒரு வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவில் இருந்தேன். அந்த ஆண்டு மே கடைசியிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நடந்ததைச் சொன்னால் உங்கள் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். அதற்கு முன் கணக்கைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

2012-13 நிதியாண்டில் நாம் வாங்கிய சரக்குக்கும் விற்ற சரக்குக்கும் இடையிலான வித்தியாசம் ஏறத்தாழ 19,600 கோடி டாலர். இதுதான் வர்த்தகப் பற்றாக்குறை. ஆனால் சரக்கு மட்டுமே டாலர் கொண்டுவருவதில்லை. சென்னையிலும் பெங்களூரிலும் உட்கார்ந்து வெளிநாட்டுக்குச் செய்து கொடுக்கும் மென்பொருள் வேலை உள்ளிட்ட சேவைகள் நிகரமாக 6,500 கோடி டாலர் கொண்டுவந்தன. வளைகுடாவிலும் மற்ற நாடுகளிலும் இருப்பவர்கள் வீட்டுக்கு அனுப்பிய பணம் இன்னொரு 6,400 கோடி. வெளிநாட்டுக் கடனுக்கு வட்டி, வெளிநாட்டு நிறுவனங்களின் லாபம் என்று நிகரமாக 2,100 கோடி வெளியே போனது. எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தால் மிச்சம் நின்ற பள்ளம் 8,800 கோடி டாலர். இதுதான் நடப்புக் கணக்குப் பற்றாக்குறை. நாட்டு உற்பத்தியில் 4.8 சதவீதம். வர்த்தகப் பள்ளத்தில் பாதிக்கு மேல் துபாயிலும் மஸ்கட்டிலும் உழைப்பவர்களும் கணினி முன் உட்கார்ந்தவர்களும் நிரப்பிவிட்டார்கள். ஆகவே ரூபாயின் மேல் எவ்வளவு பாரம் என்று அறிய வர்த்தகப் பற்றாக்குறையை மட்டும் பார்ப்பது போதாது.

இப்போது கவனிக்க வேண்டிய இடம். 8,800 கோடி டாலர் பற்றாக்குறை இருந்த அந்த ஆண்டில் ரூபாய் பெரும்பாலும் டாலருக்கு 53க்கும் 56க்கும் நடுவில்தான் ஆடிக்கொண்டிருந்தது. ரிசர்வ் வங்கியின் கையிருப்பு கரையவில்லை, சற்றே கூடியது. பள்ளத்தை நிரப்பும் அளவுக்கு மூலதனம் உள்ளே வந்துகொண்டிருந்ததுதான் காரணம். சம்பாத்தியத்துக்கு மேல் செலவு செய்யும் குடும்பத்துக்கு மாதா மாதம் கைமாற்று கிடைத்துக்கொண்டே இருந்தால் கடைக்காரருக்கும் வாடகைக்கும் பாக்கி விழாது. கைமாற்று நிற்கும் மாதத்தில்தான் பாத்திரம் அடகுக்குப் போகும்.

எனவே எந்த மாதிரிப் பணம் வந்தது என்பதுதான் முக்கியம். தொழிற்சாலை கட்டவும் நிறுவனங்களில் நேரடியாக முதலீடு செய்யவும் நிகரமாக வந்தது ஏறத்தாழ 2,000 கோடி டாலர். இதை ஒரே நாளில் எடுத்துக்கொண்டு போக முடியாது. அந்நிய நிதி நிறுவனங்கள் பங்கிலும் கடன் பத்திரத்திலும் போட்டது ஏறத்தாழ 2,700 கோடி. இறக்குமதியாளர்கள் வாங்கிய குறுகிய காலக் கடன் 2,100 கோடிக்கு மேல். இவ்விரண்டும் எழுந்து போகக்கூடிய பணம்.

அது எழுந்து போன நாளைத் தேதியோடு சொல்லலாம். 2013 மே 22 அன்று அமெரிக்க மத்திய வங்கித் தலைவர் பென் பெர்னான்கி நாடாளுமன்றக் குழுவின் முன், மாதந்தோறும் பத்திரங்களை வாங்கிப் பணத்தை இறக்கும் வேலையை வரும் மாதங்களில் குறைக்கக்கூடும் என்றார். அமெரிக்காவில் வட்டி ஏறும் என்று தெரிந்தவுடன், அதிக வட்டிக்காக இங்கே பத்திரம் வாங்கியவர்கள் விற்கத் தொடங்கினார்கள். விற்றுக் கிடைத்த ரூபாயை டாலராக மாற்றித்தானே கொண்டுபோக வேண்டும்? அதே வாரங்களில் எண்ணெய் நிறுவனங்களும் தங்க இறக்குமதியாளர்களும் வழக்கம்போல டாலர் வாங்கிக்கொண்டிருந்தார்கள். டாலர் விற்பவர் குறைந்து வாங்குபவர் குறையாமல் இருந்தார்கள். இதே காரணத்தால் அப்போது பிரேசில், இந்தோனேசியா, தென் ஆப்பிரிக்கா, துருக்கி நாணயங்களும் விழுந்தன. நம்மோடு அந்த நான்கு நாடுகளுக்கும் பொதுவாக இருந்தது பெரிய நடப்புக் கணக்குப் பற்றாக்குறை.

இதற்குப் பிறகு நடந்ததை எங்கள் கவுண்டரிலேயே பார்த்தேன். ரூபாய் இன்னும் விழும் என்று தோன்றிவிட்டால் ஏற்றுமதியாளர் வெளிநாட்டிலிருந்து வர வேண்டிய டாலரை அவசரமாக வரவழைக்க மாட்டார். "அடுத்த மாசம் ரெண்டு ரூபா கூட வரும் சார், இப்ப எதுக்கு மாத்தணும்?" என்பார். இறக்குமதியாளரோ இரண்டு மாதம் கழித்துக் கட்ட வேண்டிய பில்லுக்கு இன்றைக்கே டாலர் வாங்க ஓடி வருவார். இரண்டு பேரும் செய்தது அவரவர் தொழிலுக்குச் சரியானது. ஆனால் சந்தையில் டாலர் விற்பனை தள்ளிப்போனது, வாங்குவது முன்னால் வந்தது. ஆண்டுப் பற்றாக்குறை ஒரு டாலர்கூடக் கூடாமலேயே ஒரு மாதத்தின் நெருக்கடி பல மடங்கு ஆகிவிடும். நாணயம் படிப்படியாகச் சரியாமல் சறுக்கி விழுவதற்கு இந்தத் தள்ளிப்போடலும் அவசரமும் பெரிய காரணம்.

எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் ஜவுளி இயந்திர பாகங்களை இறக்குமதி செய்தவர். 2 லட்சம் டாலர் பில். மே 30 அன்று ஏற்றுக்கொண்டார், 90 நாள் தவணை, ஆகஸ்ட் 28 கட்ட வேண்டும். அன்று டாலர் 56 ரூபாய் சொச்சம். மூன்று மாதம் கழித்து வாங்கப்போகும் டாலருக்கு அன்றே ஃபார்வர்டு ஒப்பந்தம் போட்டு விலையைப் பூட்டியிருந்தால் டாலருக்கு 85 பைசா அளவில் கூடுதலாகப் போயிருக்கும், மொத்தம் ஒன்றே முக்கால் லட்சத்துக்குள். "ரொம்ப நாளா 55லயே நிக்குது, இது எதுக்குங்க?" என்று விட்டுவிட்டார். ஆகஸ்ட் 28 அன்று ரூபாய் 68.85 வரை போனது. அவர் 68க்கு வாங்கினார். ஒரு கோடியே 13 லட்சமாக இருந்த பில் ஒரு கோடியே 36 லட்சமாகிவிட்டது. 23 லட்சம் என்பது அந்த ஆண்டு அவர் லாபத்தைவிட அதிகம். மறுநாள் ரூபாய் 66 சொச்சத்துக்கு மீண்டதைக் கேட்டு அவர் எதுவும் பேசாமல் உட்கார்ந்திருந்தது இன்னும் மனதில் நிற்கிறது.

டாலர் விலை ஏறினால் இறக்குமதி குறைந்து ஏற்றுமதி கூடி எல்லாம் தானாகச் சரியாகும் என்று பாடப் புத்தகம் சொல்லும். அது பொய் இல்லை, ஆனால் மெதுவாக நடக்கும். நம் இறக்குமதியில் மிகப் பெரிய பங்கு கச்சா எண்ணெய். அப்போது டீசலுக்கு மானியம் இருந்தது, மாதத்துக்கு லிட்டருக்கு 50 பைசா வீதம்தான் ஏற்றினார்கள். டாலர் 13 ரூபாய் ஏறினாலும் லாரிக்காரருக்கு அது முழுதாகத் தெரியாதபோது அவர் ஏன் டீசலைக் குறைக்கப் போகிறார்? அந்தச் சுமை அரசின் பட்ஜெட்டில் போய் உட்கார்ந்தது.

தங்கத்தின் கதை வேறு. விலைவாசி 10 சதவீதத்தை ஒட்டி ஏறிக்கொண்டிருந்தது. வங்கி வைப்பில் போட்டால் பணம் தேய்ந்தது. மக்கள் தங்கத்துக்குப் போனதில் ஆச்சரியம் இல்லை. 2013 ஏப்ரலில் உலகச் சந்தையில் தங்கம் திடீரென்று விழுந்ததும், அட்சய திருதியையும் சேர்ந்துகொள்ள, நகைக்கடைகளில் நிற்க இடமில்லை. மே மாதம் மட்டும் 160 டன்னுக்கு மேல் இறக்குமதி. பெர்னான்கி பேசியது அதே மே மாதத்தில்தான். பற்றாக்குறை உச்சத்தில் இருந்த நேரத்தில் கைமாற்று நின்றது.

ரிசர்வ் வங்கியும் அரசும் செய்தவற்றில் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்பதிலும் பாடம் இருக்கிறது. ஜூலை 15 அன்று வங்கிகள் அவசரத்துக்கு வாங்கும் கடனின் வட்டியை 10.25 சதவீதமாக ஏற்றினார்கள். ரூபாய் சில நாள் நின்று மறுபடி சரிந்தது. ஆகஸ்ட் 14 அன்று தனிநபர் ஆண்டுக்கு வெளியே அனுப்பக்கூடிய தொகையை 2 லட்சம் டாலரிலிருந்து 75,000 ஆகக் குறைத்தார்கள். அது எதிராகவே வேலை செய்தது என்பது என் கருத்து. கதவைச் சாத்தப் போகிறார்கள் என்று அந்நிய முதலீட்டாளர்களைப் பயமுறுத்திவிட்டது.

பலித்தவை இரண்டு. ஒன்று, ஆகஸ்ட் 28 மாலை எண்ணெய் நிறுவனங்களுக்கு ரிசர்வ் வங்கியே நேரடியாக டாலர் கொடுக்க முன்வந்தது. சந்தையின் மிகப் பெரிய வாங்குபவர் வரிசையிலிருந்து விலகியதும் மறுநாளே மூச்சு வந்தது. இரண்டாவது, செப்டம்பர் 4 அன்று ரிசர்வ் வங்கி ஆளுநராகப் பொறுப்பேற்ற ரகுராம் ராஜன் அறிவித்த திட்டம். வெளிநாட்டு இந்தியர்களிடம் வங்கிகள் மூன்று ஆண்டுக்குக் குறையாத டாலர் வைப்புத் திரட்டினால், அந்த டாலரை ரிசர்வ் வங்கி வாங்கிக்கொண்டு ரூபாய் கொடுக்கும். முதிர்வில் ஆண்டுக்கு 3.5 சதவீதச் செலவில் டாலரைத் திருப்பித் தரும். சந்தையில் இதே பாதுகாப்புக்கு ஏறத்தாழ இரட்டிப்புச் செலவாகியிருக்கும். நவம்பர் முடிவுக்குள் வங்கிகள் வெளிநாட்டில் வாங்கிய கடனையும் சேர்த்து 3,400 கோடி டாலர் வந்தது.

ஆனால் இதுவும் கடன்தான், பள்ளம் அதனால் மூடவில்லை. பள்ளத்தைச் சிறிதாக்கியது தங்கம். சுங்க வரி ஆகஸ்டில் 10 சதவீதமானது. இறக்குமதி செய்யும் தங்கத்தில் ஐந்தில் ஒரு பங்கை ஏற்றுமதிக்கு ஒதுக்கினால்தான் அடுத்த சரக்கு என்று விதித்தார்கள். கடத்தல் கூடியது, நேர்மையான வியாபாரிகள் திண்டாடினார்கள். ஆனாலும் 2013-14இல் நடப்புக் கணக்குப் பற்றாக்குறை 3,240 கோடி டாலராக, உற்பத்தியில் 1.7 சதவீதமாக இறங்கியது.

முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியுமா என்றால், ஓரளவு முடியும். ரிசர்வ் வங்கி மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியிடும் கணக்கில் பற்றாக்குறையின் அளவை மட்டும் பார்க்காமல், அதை நேரடி முதலீடு எவ்வளவு நிரப்புகிறது, பங்கு, பத்திரம், குறுகிய காலக் கடன் எவ்வளவு நிரப்புகின்றன என்று பாருங்கள். ஓராண்டுக்குள் திருப்பிக் கட்ட வேண்டிய வெளிக்கடனைக் கையிருப்போடு ஒப்பிடுங்கள். 2013 மார்ச்சில் அந்தக் கடன் 17,200 கோடி டாலர், கையிருப்பு 29,200 கோடி. விழும் தேதியை இது சொல்லாது. தேதி வாஷிங்டனில் முடிவாகலாம், எண்ணெய்க் கிணற்றில் முடிவாகலாம். விழுந்தால் எவ்வளவு அடிபடும் என்பதைச் சொல்லும்.

2012 அக்டோபர்-டிசம்பர் காலாண்டின் பற்றாக்குறை நாட்டு உற்பத்தியில் 6.7 சதவீதம், அதுவரை காணாத அளவு. அந்தக் கணக்கு 2013 மார்ச் கடைசியில் வெளியானது, மே 22க்கு ஏறத்தாழ இரண்டு மாதம் முன்னால். அன்று டாலர் 54 ரூபாய் சொச்சம். அந்த வாரம் எங்கள் பிரிவுக்கு வந்த இறக்குமதி பில்களில் ஃபார்வர்டு போட்டவை விரல்விட்டு எண்ணும் அளவுதான்.