அந்தாதி மனனத்தில் அடிநடுச் சொற்கள் மாறுவது பற்றி

“அபிராமி அந்தாதியில் பாடல் வரிசை தவறுவதில்லை, அடிகளின் நடுவே சொற்கள் மாறிவிடுகின்றன. எப்படிக் கண்டுபிடிப்பது?”

வணக்கம். முதல் பாடலின் ‘விழுத்துணையே’ என்ற முடிவு ‘துணையும்’ என்ற அடுத்த பாடலின் தொடக்கத்தைத் தருவதால் வரிசை நிலைக்கிறது. உதிக்கின்ற, மதிக்கின்ற, துதிக்கின்ற, விதிக்கின்ற என்னும் எதுகை அடிகளின் தொடக்கங்களைக் காக்கிறது. நடுப்பகுதிக்கு எழுத்தெண்ணிக்கையே காவல். இந்நூல் அமைந்துள்ள யாப்பான கட்டளைக் கலித்துறையில் புள்ளியெழுத்துகளை நீக்கி எண்ணினால், நேரசையில் தொடங்கும் அடியில் 16 எழுத்தும் நிரையசையில் தொடங்குவதில் 17 எழுத்தும் இருக்க வேண்டும்.

‘உதிக்கின்ற செங்கதிர் உச்சித் திலகம் உணர்வுடையோர்’ என்பது நிரையசைத் தொடக்கம். சீர்தோறும் 4, 3, 2, 3, 5 என 17 வருகிறது. ‘உணர்வுள்ளோர்’ என்று சொல்லிவிட்டால் 16 ஆகிப் பிழை தெரிந்துவிடும். ஆனால் ‘செங்கதிர்’ ‘செஞ்சுடர்’ ஆனால் எண்ணிக்கை மாறாது. அத்தகைய இடங்களை நூலோடு ஒப்பிட்டே திருத்த வேண்டும்.