இரைக்கும் நாய்க்கு ஈரச் சாக்கு போர்த்தலாமா?

கேள்வி: ஐயா, எங்கள் ஆட்டுப்பட்டியின் காவல் நாய் வெயில் ஏறினால் நாக்கைத் தொங்கவிட்டு இரைக்கிறது. உடம்பில் துளி வியர்வை இல்லை. தகரக் கொட்டகைக்குள் கட்டி ஈரச் சாக்கைப் போர்த்தினால் இரைப்பு கூடத்தான் செய்கிறது. ஏதாவது நோயா?

பதில்: நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் நோயாகத் தெரியவில்லை. முதலில் அந்தச் சாக்கை எடுத்துவிடுங்கள்.

உடலைக் குளிர்விக்கும் வியர்வைச் சுரப்பிகள் நாய்க்குப் பெரும்பாலும் பாதங்களின் அடிப்பஞ்சில்தான் உண்டு. வெயிலில் சிமெண்ட் தரையில் நடந்தால் ஈரத் தடம் பதிவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சிறு பரப்பால் பெரிய பயன் இல்லை. உடம்பெங்கும் வியர்த்தாலும் அடர்ந்த ரோமத்துக்குள் காற்றுப் புகாமல் ஈரம் தேங்கித்தான் நிற்கும்.

அதனால் நாய் மூக்கையும் வாயையும் நம்புகிறது. மூக்கின் உட்புறத்தில் சுருள் சுருளாக மடிந்த ஈரமான சவ்வு இருக்கிறது. அதை நனைத்துக்கொண்டே இருக்கத் தனிச் சுரப்பியும் உண்டு. இரைக்கும்போது பெரும்பாலும் மூக்கு வழியாகக் காற்று நுழைந்து, அந்த ஈரத்தை ஆவியாக்கி, சூட்டோடு வாய் வழியாக வெளியேறுகிறது. ஓய்வில் நிமிடத்துக்கு 15 முதல் 30 வரை இருக்கும் மூச்சு அப்போது 300-ஐக்கூடத் தொடும். ஆனாலும் நாய் களைத்துவிடுவதில்லை. நெஞ்சுக்கூடு தானாக அதிரும் வேகத்தோடு ஒத்துப்போவதால் தசைக்கு உழைப்பு குறைவு. மூச்சு மேலோட்டமானது என்பதால் நுரையீரலின் ஆழத்துக் காற்றும் அதிகம் வெளியேறுவதில்லை.

குளிர்ச்சி தருவது ஆவியாகும் நீர் மட்டுமே. 20 கிலோ நாயின் சூடு 2 டிகிரி இறங்க ஏறத்தாழ 60 மில்லி நீர் ஆவியாக வேண்டும். தரையில் சொட்டும் எச்சில் இந்தக் கணக்கில் சேராது. மூடிய கொட்டகையில் ஈரச் சாக்கு காற்றைப் புழுக்கமாக்குகிறது. புழுக்கத்தில் ஆவியாதல் மந்தமாகிறது. உடல் சூட்டில் சாக்கும் வெதுவெதுப்பாகி, போர்வையாக மாறிவிடுகிறது. நாய் இன்னும் வேகமாக இரைப்பது இதனால்தான்.

காற்றோட்டமுள்ள மரநிழலில் கட்டுங்கள், பக்கத்தில் தண்ணீர் வையுங்கள். வாயை இறுக்கும் வாய்க்கூடு வெயில் நேரத்தில் வேண்டாம். வாயைக் கட்டினால் குளிர்ச்சிக்கான வழியையே அடைத்ததாகும்.

நிழலில் கால் மணி நேரம் கிடந்தும் இரைப்பு தணியவில்லை, எச்சில் கெட்டியாக இழைகிறது, ஈறு கருஞ்சிவப்பாகிறது, நடை தள்ளாடுகிறது என்றால் வெப்பம் தாக்கிவிட்டது. ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்தால் சாதாரணமாக 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் காட்டும்; 41-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. உடம்பு முழுவதும், முக்கியமாக வயிற்றுப் பக்கம், தண்ணீரை ஊற்றி விசிறுங்கள். வாயில் தண்ணீரைப் புகட்டாதீர்கள், மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். சூடு 39.5-க்கு வந்ததும் ஊற்றுவதை நிறுத்திக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். நாய் எழுந்து நடந்தாலும் போகத்தான் வேண்டும், சிறுநீரகப் பாதிப்பு ஓரிரு நாள் கழித்துத் தலைகாட்டக்கூடும்.