ஒரு விரலுக்கு வெந்நீர், மற்ற விரல்களுக்கு ஈரமே ஆகாது

கேள்வி: இட்லி மாவு அரைத்து விற்கிறேன். நாலு நாளாக வலது கட்டைவிரல் நக ஓரம் வீங்கி, ராத்திரி தூங்க விடாமல் விண் விண்ணென்று தெறிக்கிறது. நேற்றிலிருந்து மஞ்சளாகத் தெரிகிறது. இன்னும் இரண்டு விரல்களில் பல மாதமாகவே நகத்தைச் சுற்றித் தடிப்பு இருக்கிறது. எலுமிச்சம்பழம் செருகச் சொல்கிறார்கள். ஊசியால் குத்திவிடலாமா?

பதில்: குத்த வேண்டாம். உங்கள் கையில் இருப்பது இரண்டு வகை நகச்சுற்று. ஒன்றுக்குச் செய்வதை மற்றதற்குச் செய்யக்கூடாது.

கட்டைவிரலில் இருப்பது பாக்டீரியா வேலை. நக ஓரத்தில் கிளம்பும் தோலைக் கடித்தோ பிய்த்தோ இழுத்த இடத்தில் கிருமி புகுந்து, சில நாளிலேயே சிவந்து, தெறித்து, சீழ் பிடிக்கும். பெரும்பாலும் ஒரே விரலில்தான் வரும்.

சீழ் கட்டாத நிலையில் வெந்நீரே போதும். கை தாங்கும் சூட்டில் 10 முதல் 15 நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை, அந்த விரலை மட்டும் வைத்து எடுத்து நன்றாகத் துடையுங்கள். சர்க்கரை நோயால் விரல் மரத்திருந்தால் சூட்டை வேறொருவர் பார்த்துச் சொல்லட்டும். எலுமிச்சம்பழம் சீழை இழுக்காது, வெடிப்பில் சாறு பட்டால் எரிச்சல்தான் மிச்சம்.

ஆனால் உங்களுக்கு மஞ்சள் தெரிந்துவிட்டது. சீழ் திரண்ட பிறகு மாத்திரை மட்டும் போதாது, எடுத்தாக வேண்டும். பயப்படாதீர்கள். விரலை மரத்துப்போகச் செய்து, நகத்துக்கும் தோலுக்கும் நடுவே மழுங்கிய கருவியை நுழைத்து மடிப்பைத் தூக்கினாலே பெரும்பாலும் வடிந்துவிடும். நகத்துக்கு அடியிலும் சீழ் போயிருந்தால் நகத்தில் கொஞ்சம் வெட்டுவார்கள். இன்றோ நாளையோ போய்விடுங்கள். விரல் நுனிச் சதை கல்லாக இறுகினால், விரல் முழுக்க வீங்கி நீட்ட முடியாமல் போனால், சிவப்பு கைக்கு ஏறினால், காய்ச்சல் வந்தால் உடனே ஆஸ்பத்திரிதான். மஞ்சளுக்குப் பதில் தெளிந்த நீரோடு குட்டிக் கொப்புளங்கள் கூட்டமாக இருந்தால் அது வைரஸாக இருக்கலாம். அதைக் கீறவே கூடாது.

அந்த இரண்டு விரல்களின் கதை வேறு. ஆறு வாரத்துக்கு மேல் நீடிக்கும் தடிப்பு, லேசான வலி, நகம் முளைக்கும் இடத்தில் அதன்மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய தோல் காணாமல் போய் ஓர் இடுக்கு, நகத்தில் குறுக்கே வரிகள் என்று இருந்தால் அது ஈரத்தில் ஊறிய கை. அந்த இடுக்கில் கேண்டிடா என்ற ஈஸ்ட் குடியேறுவது உண்மை. ஆனால் மூல காரணம் பெரும்பாலும் தண்ணீரும் சோப்பும் தோலை அரிப்பதுதான். அதனால்தான் மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய பூஞ்சைக் களிம்பு மட்டும் பலருக்குப் பலிப்பதில்லை. ஸ்டீராய்டு களிம்பு நன்றாகக் கேட்கும்; அதைச் சீழ் உள்ள விரலில் போடக்கூடாது என்பதால் மருத்துவர் பார்த்துத் தரட்டும். சர்க்கரையையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த விரல்களை வெந்நீரில் ஊறவைக்காதீர்கள். மாவு கரைக்கும்போதும் பாத்திரம் கழுவும்போதும் உள்ளே பருத்திக் கையுறை, மேலே ரப்பர் கையுறை போடுங்கள். உள்ளே வியர்த்தால் பருத்தியை மாற்றுங்கள். அந்தத் தோல் மறுபடி வளர்ந்து இடுக்கை மூட வாரங்கள், சிலருக்கு மாதங்கள்கூட ஆகும். அதுவரை பியூட்டி பார்லரில் அதைத் தள்ளிவிடவோ வெட்டவோ விடாதீர்கள்.