போட்டோவ வச்சு காலர் சைஸும் டை அகலமும் சொல்ல முடியுமா?

கேள்வி: என் போட்டோல கழுத்து நீளமா, தோள் குறுகலா தெரியுது. எந்த காலர் சைஸ், எவ்வளவு அகல டை வாங்கணும்?

பதில்: காலர் சைஸ போட்டோல இருந்து எடுக்காதீங்க, ஏன்னா அது கழுத்தோட சுற்றளவு, போட்டோ காட்டுறது நீளத்தையும் முன்பக்க அகலத்தையும் மட்டும்தான். டேப்ப தொண்டைல துருத்தி நிக்கிற குரல்வளை மேட்டுக்குக் கொஞ்சம் கீழ சுத்தி அளங்க, அரை இன்ச் கூட்டிக்கோங்க. 15 வந்தா 15.5 வாங்கலாம். பட்டன் போட்டப்புறம் ரெண்டு விரல் தாராளமா நுழையணும், துணி சுருங்கி மடிப்பு விழுந்தா காலர் பெருசுன்னு அர்த்தம்.

போட்டோ உதவுறது காலர் உயரத்துக்கும் டைக்கும்தான். நீளக் கழுத்துக்கு, கழுத்தச் சுத்தி நிக்கிற பட்டை உயரமா இருக்கிற, முனைகள் ரெண்டும் விலகி நிக்கிற காலர் எடுங்க, கழுத்து கொஞ்சம் மறையும். குட்டைக் கழுத்துன்னா நேர் எதிர், தாழ்வான பட்டை, கீழ பாத்து இறங்குற கூர் முனை.

குறுகின தோளுக்கு டையோட அகலமான இடத்துல 6.5ல இருந்து 7 செமீ போதும், 9 செமீ கட்டினா நெஞ்சையே மூடிடும். அகலத் தோளுக்கு 8, 8.5 நல்லாருக்கும். கோட் போடுவீங்கன்னா அதோட நெஞ்சுப் பக்கம் திரும்பி நிக்கிற மடிப்போட அகலத்துக்குக் கிட்டத்தட்ட சமமா டை இருக்கட்டும், தோள விட இதத்தான் நான் முதல்ல பாப்பேன்.

ஆனா அந்த போட்டோ செல்ஃபியா? கைநீட்டி எடுத்தா முகம் பெருசாகி தோள் சின்னதாத்தான் தெரியும், அத நம்பி ஒல்லி டை வாங்கிடாதீங்க. யாரையாவது ரெண்டு மீட்டர் தள்ளி நின்னு, உங்க நெஞ்சு உயரத்துல இருந்து எடுக்கச் சொல்லி மறுபடி பாருங்க.