இரண்டாயிரம் ரூபாய்தானே என்று விடாதீர்கள்

கேள்வி: அப்பா மண்டபத்தில் விசைப்படகு வைத்திருக்கிறார். தடைக்காலம் முடிவதற்குள் இன்ஜின் மாற்ற வேண்டும். அவர் கணக்கில் என்னென்ன பங்குகள் இருக்கின்றன என்று காட்டும் டீமேட் ஹோல்டிங் ஸ்டேட்மென்ட்டைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். எண்ணிக்கையை விலையால் பெருக்கிக் கூட்டினேன். முதலில் கோடிக்கணக்கில் வந்தது. அதற்குக் காரணமான ஒரு வரியை நீக்கியதும் 4,89,279 வந்தது. தாளின் அடியில் 4,91,269 என்று இருக்கிறது. இரண்டாயிரம் ரூபாய் வித்தியாசம்தான், விலை ஏறி இறங்கியதாக இருக்கும் என்று விட்டுவிடலாமா? விற்றால் எவ்வளவு தேறும்?
– ஒரு வாசகர், சென்னை

பதில்: விட்டுவிட வேண்டாம். இந்த வித்தியாசம் விலையால் வந்திருக்கவே முடியாது. நீங்கள் பெருக்கிய விலையும் அதே தாளில், அதே தேதிக்கு அச்சானதுதான். ஆகவே பைசா வரை பொருந்த வேண்டும். நீங்கள் அனுப்பிய படத்தையும் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மூன்று வரிகளில் பிழை இருக்கிறது. ஒன்று கூட்டியதை மற்ற இரண்டும் குறைத்துவிட்டதால், மொத்தம் சரியான தொகைக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டது.

நீங்கள் தாளிலிருந்து எண்ணிக்கையையும் விலையையும் மட்டும் எடுத்திருக்கிறீர்கள். கடைசியில் இருக்கும் மதிப்பு என்ற பத்தியைத் தொடவில்லை. பெருக்கினால் அதுதானே வரப்போகிறது என்று நினைத்திருப்பீர்கள். ஆனால் போட்டோவிலிருந்து எண் எடுக்கும்போது நமக்கு இருக்கும் ஒரே சாட்சி அந்தப் பத்திதான். மூன்றையும் எக்செலில் இரண்டாவது வரியிலிருந்து தட்டச்சு செய்யுங்கள்: B-யில் எண்ணிக்கை, C-யில் விலை, D-யில் தாளில் இருக்கும் மதிப்பு. E2-வில் இந்தச் சூத்திரத்தைப் போட்டுக் கீழே இழுங்கள்.

```
=ROUND(D2/C2,3)
```

மதிப்பை விலையால் வகுத்தால் எண்ணிக்கை வரும். அது B-யில் இருப்பதோடு ஒத்துப்போகாத வரியில்தான் பிழை.

முதலில் மருந்து கம்பெனிப் பங்கைப் பாருங்கள். நீங்கள் 36 என்று எழுதியிருக்கிறீர்கள். விலை 734.15, மதிப்பு 63,136.90. வகுத்தால் 86 வருகிறது. அப்பா அந்தத் தாளை உப்புக்காற்று படாமல் பிளாஸ்டிக் கவரில் வைத்திருக்கிறார், கவரோடு சேர்த்தே படமும் எடுத்திருக்கிறார். ஃபிளாஷ் வெளிச்சம் சரியாக அந்த 8-ன் இடது பக்கத்தில் விழுந்து 3 ஆக்கிவிட்டது. பெரிதாக்கிப் பாருங்கள், 8-ன் இடது வளைவு மங்கலாகத் தெரியும். இதில் மட்டும் 36,707.50 ரூபாய் குறைந்துவிட்டது.

கோடிக்கணக்கில் வந்த வரி மியூச்சுவல் ஃபண்ட். ஒவ்வொரு பங்குக்கும் ஃபண்டுக்கும் ஐஎஸ்ஐஎன் என்று ஓர் அடையாள எண் உண்டு, இதன் எண் INF என்று தொடங்குகிறது. கம்பெனிப் பங்கு என்றால் INE என்று தொடங்கும். பங்கு முழு எண்ணாக இருக்கும், ஃபண்ட் யூனிட் மூன்று தசமம் வரை போகும். தாளில் இருப்பது 482.456 யூனிட். படத்தில் புள்ளி மறைந்துவிட்டதால் நீங்கள் 482456 என்று எடுத்து, 64.2180 என்ற விலையால் பெருக்கி, மூன்று கோடிக்கு மேல் கொண்டுபோய்விட்டீர்கள். பிறகு வரியையே நீக்கியதில் அப்பாவின் 30,982.36 ரூபாய் கணக்கிலிருந்து போய்விட்டது. பொருந்தாத வரியை நீக்கக் கூடாது, வகுத்துப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது வங்கிப் பங்கு. உங்கள் கேள்விக்கு இதுதான் முக்கியம். அந்த வரியில் மூன்று எண்கள் இருக்கின்றன: கரன்ட் பேலன்ஸ் 120, ஃப்ரீ பேலன்ஸ் 80, பிளெட்ஜ் பேலன்ஸ் 40. நீங்கள் 120-ஐயும் 40-ஐயும் கூட்டி 160 ஆக்கியிருக்கிறீர்கள். விலை 1,642.50, மதிப்பு 1,97,100. வகுத்தால் 120தான். அதாவது அந்த 120-க்குள்ளேயே அடமானத்தில் இருக்கும் 40-ம் அடக்கம். சில தாள்களில் அடமானப் பங்கு தனி வரியாக, தனி மதிப்போடு அச்சாகியிருக்கும். அப்போது கூட்டத்தான் வேண்டும். எது எப்படி என்று தலைப்பைப் பார்த்து ஊகிக்காமல் மதிப்பை வகுத்துப் பாருங்கள். இங்கே 65,700 ரூபாய் கூடுதலாக ஏறிவிட்டது.

கூடியது 65,700. குறைந்தது 36,707.50-ம் 30,982.36-ம், ஆக 67,689.86. நிகரமாக மிஞ்சுவது 1,989.86. அதுதான் உங்கள் இரண்டாயிரம்.

திருத்திய பிறகு வங்கி 1,97,100, மின்சாரக் கம்பெனி 1,00,240, சிமெண்ட் 99,810, மருந்து 63,136.90, ஃபண்ட் 30,982.36. கூட்டினால் 4,91,269.26, தாளின் அடியில் இருப்பதேதான். இந்த அடித்தொகையையும் கட்டாயம் ஒப்பிடுங்கள். ஒரு வரி முழுவதுமாக விடுபட்டிருந்தால் வகுத்தல் அதைக் காட்டாது, மொத்தம்தான் காட்டும்.

வகுத்தாலும் பங்குக்கு முழு எண் வராவிட்டால் விலையையோ மதிப்பையோ தவறாகப் படித்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். 734.15-ஐ 784.15 என்று எடுத்திருந்தால் 80.516 வந்திருக்கும். பங்கில் அரை, கால் எல்லாம் கிடையாது. அந்த இடத்தில் ஊகிக்காமல் அப்பாவிடம் தாளைக் கவரிலிருந்து எடுத்து, ஜன்னலோரம் மேசையில் வைத்து, ஃபிளாஷ் இல்லாமல் இன்னொரு படம் எடுக்கச் சொல்லுங்கள். மேல் பாதி ஒன்று, கீழ் பாதி ஒன்று, நடுவில் ஒரு வரி இரண்டிலும் வருமாறு எடுத்தால் எழுத்து பெரிதாக விழும். பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் கணக்கு எண்ணையும் பான் எண்ணையும் ஒரு துண்டுத் தாளால் மூடிவிட்டு எடுக்கச் சொல்லுங்கள். எனக்கு வந்த படத்தில் இரண்டும் பளிச்சென்று தெரிகின்றன.

கடைசி வரியில் ஒரு பழைய ஆலைப் பங்கு 500, விலை 0.00 என்று இருக்கிறது. அதற்கு வகுத்தல் சூத்திரம் பிழை காட்டும், பரவாயில்லை. வர்த்தகம் நின்றுபோன பங்குக்கு இப்படித்தான் அச்சாகும். மதிப்பைப் பூஜ்யமாகவே வையுங்கள், ஆனால் எண்ணிக்கையை அழிக்க வேண்டாம்.

சரி, இன்ஜினுக்கு எவ்வளவு தேறும்? அடமானத்தில் இருக்கும் 40 பங்கை அதை விடுவிக்கும் வரை விற்க முடியாது. 65,700-ஐக் கழித்தால், அந்தத் தேதி விலைப்படி விற்கக்கூடியது 4,25,569.26. இன்றைய தொகை வேண்டுமென்றால் C-யில் எல்லா வரிக்கும் இன்றைய விலையைப் போட்டு, சரிபார்த்த எண்ணிக்கையால் பெருக்குங்கள், வங்கிப் பங்குக்கு மட்டும் 120-க்குப் பதில் 80-ஆல் பெருக்குங்கள். பாதி வரிக்குப் பழைய விலை, பாதி வரிக்குப் புது விலை என்று கலக்காதீர்கள்.

அந்த 40 பங்கின் மேல் வாங்கிய கடன் இன்னும் எவ்வளவு பாக்கி என்பது இந்தத் தாளில் வராது, கடன் கொடுத்த இடத்தில்தான் கேட்க வேண்டும். அதேபோல வாங்கிய விலையும் இதில் இல்லை. எந்தப் பங்கை விற்றால் எவ்வளவு வருமான வரி வரும் என்று பார்க்க, வாங்கிய விலை இருக்கும் பழைய காண்ட்ராக்ட் நோட்டுகளைப் புரோக்கரிடம் கேட்டு வாங்குங்கள். அவை கைக்கு வந்ததும் எழுதுங்கள், எதை முதலில் விற்பது என்று பார்ப்போம்.